சாய்ந்து நிற்கும் டயல்: பெருக்கித் திருத்துவதா, நிமிர்த்தி வைப்பதா, நின்ற இடத்திலேயே அளவு பிடிப்பதா?

காலபோக அறுவடை முடிந்து நெல்லு மூட்டைகள் ஆலை வாசலில் அடுக்கப்பட்டிருக்கும் நாட்களில், பரந்தனுக்கு அண்மையில் உள்ள ஓர் அரிசி ஆலையில் உமி நீக்கும் இயந்திரத்தின் முதன்மைத் தண்டு அதிர்கிறது என்று எங்களை அழைத்திருந்தார்கள். மெயின் சுவிட்சை இறக்கி, பெல்ற்றைக் கழற்றி, மிகச் சிறிய நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுக்கருவியான லீவர் டயலைத் தண்டின் நடுப்பகுதியில் வைத்துக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியபோது முள் மொத்தமாக 0.14 மி.மீ. ஆடியது. அந்தத் தண்டுக்கு நாங்கள் வைத்திருந்த எல்லை 0.10 மி.மீ. மொத்த ஆட்டம். முள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் தண்டைக் கழற்றி, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏற்றி, நிமிர்த்தி எடுத்து வர வேண்டும். அது மூன்று நான்கு நாட்கள் ஆலை நிற்கும் வேலை.

ஆனால் டயல் நின்ற விதம் சரியில்லை. தண்டின் ஒரு பக்கத்தில் கப்பி, மறுபக்கத்தில் காற்றாடியின் தகரக் கூடு, இரண்டுக்கும் இடையில் நான்கு விரல் அகல இடைவெளி. டயலின் உடலைப் படுக்க வைக்க இடமில்லாததால் மேலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. ஆகவே அதன் தொடுகோல், அதாவது நுனியில் சிறு குண்டு உள்ள மெல்லிய கோல், தண்டின் மேற்பரப்போடு படுத்திராமல் வெகுவாகச் சரிந்து நின்றது. இப்படிச் சாய்ந்து நிற்கும் டயல் சொல்லும் எண்ணில் ஒரு பகுதி சாய்வினால் வந்தது. அதை நீக்க மூன்று நான்கு வழிகள் உண்டு. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லீவர் டயலின் தொடுகோல் ஒரு சுழல்மையத்தைப் பற்றித் திரும்புகிறது. அது திரும்பிய கோணத்தையே உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் முள்ளின் அசைவாக மாற்றுகின்றன. முகப்பில் 0.01 மி.மீ. என்று கோடிட்டிருப்பது, குண்டு தன் வட்டப் பாதையில் நகர்ந்த தூரத்தைத்தான். தொடுகோல் மேற்பரப்புக்குச் சமாந்தரமாகப் படுத்திருந்தால் அந்தப் பாதை மேற்பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும். மேற்பரப்பு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவே குண்டும் நகரும். தொடுகோல் α பாகை சரிந்திருந்தால் குண்டு நேரே மேலே போக முடியாது. சரிவான பாதையில் போய்த்தான் அதே உயரத்தை எட்ட வேண்டும். நேர் வழியைவிடச் சரிவு வழி நீளமானது என்பதால் முள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். R என்பது முள் காட்டியது, h என்பது உண்மையான நகர்வு என்றால்,

`h = R × cos α`

என்பது அதற்கான திருத்தம். 10 பாகைக்குப் பெருக்கும் எண் 0.985, 20 பாகைக்கு 0.940, 30 பாகைக்கு 0.866, 45 பாகைக்கு 0.707, 60 பாகைக்குச் சரியாகப் பாதி.

இந்த α எந்தக் கோணம் என்பதிலேயே பலர் தவறுகிறார்கள். டயலின் உடல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. லீவர் டயலின் தொடுகோலை உராய்வுப் பிடியில் விரலால் வேறு நிலைக்குத் திருப்பி வைக்கலாம் என்பதால், உடல் சரிந்திருக்கத் தொடுகோல் படுத்திருக்கலாம். தொடுகோலின் சுழல்மையத்தையும் நுனிக் குண்டின் மையத்தையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கும், தொடும் இடத்தில் மேற்பரப்பின் தளத்துக்கும் இடையே உள்ள கோணமே α. வட்டத் தண்டில் அந்தத் தளம் என்பது தொடும் புள்ளியில் உள்ள தொடுகைத் தளம்.

நேராக உள்ளே வெளியே போகும் பிளஞ்சர் டயலிலும் இதே பிழை உண்டு; அங்கே கோணம் எடுக்கும் விதம் மட்டும் வேறு. பிளஞ்சர் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டியது. செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ அதுவே அதன் கோணம். தட்டையான மேற்பரப்பைக் குண்டு முனை தொடும்போது, பிளஞ்சரும் சரிந்த வழியில் நீளமாகப் போவதால் முள் கூடுதலாகவே காட்டும், கோசைனால் பெருக்கித்தான் குறைக்க வேண்டும். ஆனால் பிளஞ்சருக்குத் தட்டை முனை மாட்டி, அது ஒரு குண்டையோ கூரிய விளிம்பையோ தொடும்படி வைத்தால் நிலைமை தலைகீழ். அப்போது பிளஞ்சர் தன் அச்சுத் திசையில் விழும் பங்கை மட்டுமே உணர்வதால் முள் குறைவாகக் காட்டும். கோசைனால் வகுக்க வேண்டும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் திருத்தத்தை எதிர்ப்பக்கமாகச் செய்து பிழையை இரட்டிப்பாக்கிவிடுவார். எந்தப் பரப்பு எதன் மேல் வழுக்குகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகே பெருக்குவதா வகுப்பதா என்று முடிவெடுப்பது நல்லது.

இனி வழிகளைப் பார்ப்போம். டயலை நிமிர்த்தி வைப்பதே, அதாவது லீவர் டயலில் தொடுகோலை மேற்பரப்போடு படுக்க வைப்பதே, முதலில் முயல வேண்டியது. லேத்தில் நான்கு தாடைச் சக்கில் வேலைத் துண்டை மையப்படுத்தும்போது, இடம் தாராளமாக இருக்கும். டயலைத் தாங்கும் காந்த ஸ்ராண்டின் மூட்டைத் தளர்த்தித் தொடுகோலைப் படுக்க வைக்க அரை நிமிடம் போதும். அங்கே நின்றுகொண்டு கோணம் கணித்துப் பெருக்குவது வீண் வேலை. 10 பாகைக்குள் படுத்துவிட்டால் பிழை நூற்றுக்கு ஒன்றரைதான். 0.10 மி.மீ. வாசிப்பில் அது 0.0015 மி.மீ.; 0.01 மி.மீ. கோடுள்ள முகப்பில் அதைக் கண்ணால் காணவே முடியாது. பிழை வாசிப்புக்கு விகிதமாக வளர்வது என்பதை இங்கே மறக்கக்கூடாது. அதே 10 பாகைச் சாய்வோடு பிளஞ்சர் டயலில் 10 மி.மீ. நகர்வை அளந்தால் பிழை 0.15 மி.மீ. ஆகிவிடும், அது பதினைந்து கோடுகள்.

இதிலிருந்தே இன்னொன்றும் பெறப்படுகிறது. வேலையின் குறிக்கோள் முள்ளை அசையாமல் நிறுத்துவதாக இருந்தால், திருத்தம் தேவையே இல்லை. சக்கில் துண்டை மையப்படுத்தும்போதோ, மில்லிங் மெசினின் வைசை நேர்ப்படுத்தும்போதோ நாம் தேடுவது சுழியம். சுழியத்தை எந்தக் கோசைனால் பெருக்கினாலும் சுழியம்தான். முதல் வாசிப்பில் இருக்கும் மிகை, தாடையை எவ்வளவு தள்ளுவது என்ற ஊகத்தைச் சற்றுக் கெடுக்கும். ஒரு தரம் கூடுதலாகத் தள்ளிப் பார்க்க வேண்டி வரும், அவ்வளவே. ஆலையில் எங்களுடைய நிலை அதுவல்ல. அங்கே வாசிப்பின் அளவை ஓர் எல்லையோடு ஒப்பிட்டு, தண்டைக் கழற்றுவதா விடுவதா என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்படி எண்ணே முடிவைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் திருத்தம் உண்மையில் தேவைப்படுகிறது.

இரண்டாவது வழி, கோணத்தை அளந்து கோசைனால் பெருக்குவது. காகிதத்தில் இதைவிட எளிதான வழி இல்லை. நடைமுறையில் இதன் பலவீனம் கோணத்தை எவ்வளவு சரியாக அறிகிறோம் என்பதில் இருக்கிறது. ஆலையில் என்னோடு வந்திருந்த தம்பி, அறிவியல் நகரில் படித்து வந்தவர், குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணை, நாப்பது பாகை வரும்போல" என்றார். எனக்கோ ஐம்பதுக்குக் கிட்டத் தெரிந்தது. இரண்டையும் போட்டுப் பார்த்தோம். 40 பாகை என்றால் 0.14 × 0.766, அதாவது 0.107 மி.மீ.; தண்டு எல்லைக்கு வெளியே. 50 பாகை என்றால் 0.14 × 0.643, அதாவது 0.090 மி.மீ.; தண்டு எல்லைக்குள். இரண்டு பேரின் கண்மதிப்புக்கு இடையே ஒரு தண்டின் தலைவிதி மாறுகிறது என்றால், அந்த முறையை அந்த இடத்தில் நம்ப முடியாது.

கோணம் சிறியதாக இருக்கும்போது இந்தச் சிக்கல் வராது. 15 பாகை என்று நினைத்தது உண்மையில் 10 ஆகவோ 20 ஆகவோ இருந்தால், முடிவு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் மாறும். 30 பாகையில் அதே ஐந்து பாகைத் தடுமாற்றம் நூற்றுக்கு ஐந்தாகவும், 45 பாகையில் ஏறத்தாழ ஒன்பதாகவும், 60 பாகையில் பதினைந்தாகவும் பெருகுகிறது. கோசைன் தொடக்கத்தில் மெல்லக் குறைந்து பிறகு வேகமாகச் சரிவதே இதற்குக் காரணம். ஆகவே 20, 25 பாகை வரையில் கண்மதிப்போடு பெருக்கலாம் என்பதும், அதற்கு மேல் கண்ணை நம்பிப் பெருக்கக்கூடாது என்பதும் என் கணிப்பு.

கண்ணை விட்டுவிட்டு அளந்தால் என்ன என்று கேட்கலாம். சுழல்மையம் குண்டு மையத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, தொடுகோலின் நீளத்தால் வகுத்தால் கோணத்தின் சைன் கிடைக்கும். ஆனால் தொடுகோல் மிகக் குட்டையானது. 15 மி.மீ. நீளமுள்ள தொடுகோலில் உயரம் 9.6 மி.மீ. என்றால் கோணம் 40 பாகை. அடிமட்டத்தைப் பிடிக்கும்போது 1 மி.மீ. தவறி 10.6 என்று வாசித்தால் 45 பாகை. எண்ணெயும் உமித்தூசும் படிந்த ஒரு சந்துக்குள் அடிமட்டத்தை விட்டு, 1 மி.மீ. தவறாமல் வாசிப்பது எளிதல்ல. பக்கவாட்டில் கைத்தொலைபேசியால் படமெடுத்துப் படத்தில் கோணம் அளப்பவர்களும் உண்டு. கமரா தொடுகோலின் சுழலும் தளத்துக்கு நேர் எதிரே இருந்தால் அது நல்ல வழிதான். சற்று ஓரமாக நின்று எடுத்த படத்தில் கோணம் மாறிவிடும். அது மாறிவிட்டது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பெருக்கும் முறையில் இன்னுமொரு குறை இருக்கிறது. டயல் முன்பின்னாக மட்டும் சாயாமல் தொடுகோலின் அச்சைச் சுற்றிப் பக்கவாட்டிலும் உருண்டிருந்தால், இரண்டாவது கோசைன் ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஒரு சாய்வை மட்டும் அளந்து திருத்துபவர் மற்றதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். ஒடுங்கிய இடத்தில் ஸ்ராண்டின் கைகளை எப்படியாவது மடக்கி நுழைக்கும்போது இந்த இரட்டைச் சாய்வு அடிக்கடி நேர்கிறது.

குண்டு முனைக்குப் பதிலாகப் பேரிக்காய் வடிவ முனையுள்ள தொடுகோல் வாங்குவது மூன்றாவது வழி. சாய்வு கூடும்போது தொடும் புள்ளி முனையின் வளைவில் நகர்ந்து, பிழையை ஓரளவு தானே ஈடுசெய்யும்படி அந்த வளைவு வெட்டப்பட்டிருக்கிறது. சாய்வு அளவாக இருக்கும் அன்றாட வேலைக்கு அது உதவும். எங்கள் ஆலையில் இருந்தது போன்ற செங்குத்தான சாய்வுக்கு நான் அதை நம்பமாட்டேன். இதோடு தொடர்பாக ஒரு சொல்: சில டயல்கள் சற்றுச் சாய்ந்து நிற்கும்போதே சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டவை. சுவிஸ் தயாரிப்பான இன்ரராப்பிட் டயலின் தொடுகோல் சுமார் 12 பாகை சரிந்து நிற்க வேண்டியது. அத்தகைய டயலைப் படுக்க வைத்துவிட்டுச் சரியாக வைத்தேன் என்று நினைப்பதும் பிழை, 12 பாகையில் வைத்துவிட்டு மேலும் கோசைனால் பெருக்குவதும் பிழை.

நாங்கள் அன்று எடுத்தது நான்காவது வழி. கோணத்தை அறிய முயலாமல், டயல் நின்ற இடத்திலேயே, நின்ற சாய்விலேயே, தெரிந்த ஒரு தடிப்பை அதற்குக் காட்டி, அது எவ்வளவு மிகையாகச் சொல்கிறது என்று அதனிடமிருந்தே பெறுவது. அதற்கு வேண்டியது, தடிப்புப் பொறித்த மெல்லிய தகடுகள் கொண்ட பீலர் கேஜின் ஒரு தகடும் ஒரு மைக்கிரோமீற்றரும் மட்டுமே.

செய்த விதம் இது. 0.10 என்று பொறித்த தகட்டைக் கழற்றித் துணியால் துடைத்து மைக்கிரோமீற்றரில் அளந்தோம், 0.10 தான் இருந்தது. பல கைகளில் தேய்ந்த தகடுகள் பொறித்த எண்ணைவிட மெலிந்திருக்கும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கக்கூடாது. தண்டை அதன் ஆட்டத்தின் நடுநிலையில் நிறுத்தி, மீண்டும் திரும்பாதபடி ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்தோம். தொடுகோல் தொடும் இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து முள்ளைச் சுழியத்தில் வைத்தோம். பிறகு தம்பி தொடுகோலை நகத்தால் மெல்ல உயர்த்த, நான் தகட்டைத் தண்டின் நீளவாக்கில், அதன் குறுக்கே வளைந்து கவியாதபடி, குண்டுக்கும் தண்டுக்கும் இடையே நுழைத்தேன். தொடுகோலை விட்டதும் தகட்டின் இரு முனைகளையும் விரலால் தண்டோடு அழுத்திப் பிடித்து, முள்ளை வாசித்தோம். தகட்டை எடுத்து, முள் சுழியத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து, மீண்டும் நுழைத்தோம்.

ஐந்து முறை செய்ததில் முள் 0.165, 0.17, 0.165, 0.17, 0.165 என்று நின்றது, சராசரி 0.167. அதாவது 0.10 மி.மீ. உண்மையை அந்த டயல் அந்த நிலையில் 0.167 என்று சொல்கிறது. பெருக்கும் எண் 0.10 ÷ 0.167, ஏறத்தாழ 0.60. அதைக் கொண்டு ஆட்டத்தைத் திருத்தினால் 0.14 × 0.60, அதாவது 0.084 மி.மீ. 0.60 என்ற கோசைனுக்கு உரிய கோணம் 53 பாகை. தம்பி சொன்ன நாற்பதும் நான் சொன்ன ஐம்பதும் இரண்டுமே குறைவு. மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்குச் செங்குத்தான சரிவு படுத்தது போலத் தெரிவது இயல்பு.

0.084 என்பதை எவ்வளவு நம்பலாம்? 0.14 என்ற வாசிப்பில் அரைக்கோடு, அதாவது 0.005 மி.மீ., இங்கோ அங்கோ இருக்கலாம். அது நூற்றுக்கு மூன்றரை. ஐந்து முறை எடுத்த சராசரியில் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்தாலும் உண்மையான ஆட்டம் 0.089 ஐத் தாண்டாது. எல்லை 0.10. ஆகவே தண்டைக் கழற்ற வேண்டியதில்லை என்று ஆலைக்காரரிடம் துணிந்து சொல்ல முடிந்தது. மொத்த ஆட்டம் 0.084 என்றால் தண்டின் மையம் விலகியிருப்பது அதன் பாதி, 0.042 மி.மீ. என்பதையும் சொன்னோம். பிறகு தேடியதில் தண்டின் பெயரிங்கைத் தாங்கும் பிளமர் புளொக் ஒன்றின் அடிப்போல்ற் தளர்ந்திருந்தது கண்டோம்; அதிர்வு அங்கிருந்துதான் வந்தது.

இந்த வழியை நான் மற்றவற்றுக்கு மேலாக வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இது கோசைன் பிழையை மட்டும் திருத்துவதில்லை. முன்பின் சாய்வு, பக்கவாட்டு உருட்டு இரண்டும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. தொடுகோல் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் அடங்கும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், உடைந்த தொடுகோலுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த நீளமான ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள். இரட்டிப்பு நீளமான தொடுகோல் அதே நகர்வுக்குப் பாதிக் கோணமே திரும்புவதால், முள் பாதியைத்தான் காட்டும். அந்த டயலை எவ்வளவு நேர்த்தியாகப் படுக்க வைத்தாலும், எந்தக் கோசைன் அட்டவணையைப் போட்டாலும், எண் தவறாகவே வரும். அந்தத் தவறை நாங்கள் மாதக்கணக்கில் கவனிக்கவில்லை. ஒரு தகட்டை நுழைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இந்த வழிக்கும் வரம்பு உண்டு. தகட்டின் தடிப்பு அளக்கப்போகும் நகர்வுக்குக் கிட்டியதாக இருக்க வேண்டும், 0.14 ஆட்டத்துக்கு 0.10 தகடு பொருந்தும், 0.03 தகடு பொருந்தாது, ஏனெனில் அதில் அரைக்கோடு தவறினாலே நூற்றுக்குப் பத்துக்கு மேல் போய்விடும். தகட்டுக்கு அடியில் ஒரு தூசு இருந்தாலும் எண் உயரும். ஒவ்வொரு தரமும் வாசிப்பு ஒரு கோட்டுக்கு மேல் வேறுபட்டால் தூசோ, மடிந்த தகடோ, தளர்ந்த ஸ்ராண்டோ இருக்கிறது என்று பொருள். சராசரி எடுத்து அதை மறைக்கக்கூடாது. அளவு பிடித்த பிறகு ஸ்ராண்டின் எந்த மூட்டையும் தொடக்கூடாது. தொட்டால் சாய்வு மாறும், எண்ணும் செல்லாது.

சாய்வுக்கே ஓர் எல்லை இருக்கிறது. 60 பாகையைத் தாண்டியதும் மேற்பரப்பு தொடுகோலைத் திருப்புவதை விட்டு அதன் நீளவாக்கில் தள்ளத் தொடங்குகிறது. அப்போது சுழல்மையத்தில் உராய்வு கூடி, முள் திக்கித் திக்கி நகரும். தண்டை முன்னும் பின்னும் சுற்றும்போது ஒரே இடத்துக்கு இரண்டு வாசிப்புகள் வரும். அந்த நிலையில் தகடு நுழைத்துப் பெற்ற எண்ணும் நம்பத்தக்கதல்ல, ஏனெனில் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். தண்டை எப்போதும் தொடுகோல் பின்னால் இழுபடும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் செங்குத்தான தொடுகோல் மேற்பரப்பில் குத்தி நின்றுவிடும், தண்டில் வெட்டிய சாவிக்காடி வந்தால் முனையே முறியும். சாய்வு 60 பாகையைத் தாண்டும் இடத்தில் எந்தத் திருத்தத்தையும் தேடாமல், காற்றாடிக் கூட்டின் நான்கு போல்ற்றுகளைக் கழற்றி இடம் எடுத்து, தொடுகோலைப் படுக்க வைத்து அளப்பதே வழி. கூட்டைக் கழற்றி மாட்ட ஒரு மணித்தியாலம் போகும். தண்டை வவுனியாவுக்கு ஏற்றி இறக்குவதோடு பார்த்தால் அது பெரிய நேரமல்ல.